திருப்பி எண்ணிப் பார்த்தவர்

நர்சிங் முடித்து முதல் வேலையில் சேர்ந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே மனக்குறைதான். "மேல இருக்கிறவங்க எங்களை நம்ப மாட்டேங்கறாங்க. நாங்க பாத்து எழுதினதைத் திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க." நம்பவில்லை என்றால் இந்த வேலை எதற்கு என்று ராஜினாமாக் கடிதம்வரை போனவர்களும் உண்டு. பிள்ளைகளே, கடிதம் எழுதுமுன் இந்தக் கதையைக் கேளுங்கள். இதில் வரும் நைட் டியூட்டி நர்ஸ் நான்தான். என்னை நம்பாமல் திருப்பிப் பார்த்தவர், அந்த வருடம் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த நைட் சூப்பர்வைசர்.

திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நான் காய்ச்சல் வார்டில் இருந்தேன். 24 கட்டில். இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணிவரை ஒரு ஸ்டாஃப், ஒரு டிரெயினி. டிப்ளமா முடித்து வருடக்கணக்கில் வார்டிலேயே ஊறியவள் நான். வந்தவரோ என்னைவிட வயதில் இளையவர், பி.எஸ்சி. நர்சிங், வெளியூரில் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தவர். அவருக்கு முன்பு இருந்தவர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்கு ஒரு நேரம் வைத்திருப்பார்கள். கீழே வாட்ச்மேன் போன் செய்து "மேடம் கிளம்பிட்டாங்க" என்று சொல்லிவிடுவார். எல்லோரும் தலைமுடியைச் சரிசெய்து, மேஜையை ஒதுக்கி வைத்து நிற்போம். அவர்கள் கையில் பேனா இருக்கும், அந்தப் பேனாவிலிருந்து மெமோ வரும். அவ்வளவுதான் எங்களுக்கும் சூப்பர்வைசருக்கும் இருந்த உறவு.

இவர் எந்த நேரத்தில், எந்தப் படிக்கட்டு வழியாக வருவார் என்றே தெரியாது. ஒருநாள் இரவு 3 மணி இருக்கும், திரும்பிப் பார்க்கிறேன், 9ஆம் கட்டில் பக்கத்தில் நிற்கிறார். படுத்திருந்தவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மறு கையில் கடிகாரம். ஒரு நிமிடம் முழுக்க நின்றார். பிறகு நான் எழுதியிருந்த டி.பி.ஆர். சார்ட்டை எடுத்துப் பார்த்தார், வைத்தார், 10ஆம் கட்டிலுக்குப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் எழுதிய மூச்சுக் கணக்கை எண்ணிச் சரிபார்க்கிறார். எனக்கு முகம் சுண்டிப் போய்விட்டது.

வார்டில் வேலை பார்த்த யாருக்கும் இதன் பொருள் தெரியும். நாடி, பி.பி., வெப்பநிலை எல்லாவற்றுக்கும் கருவியோ விரல் நுனியோ இருக்கிறது. மூச்சை எண்ண மட்டும் சும்மா நின்று ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சின் போக்கே மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் கையை விடாமல் வைத்துக்கொண்டு நெஞ்சைக் கவனிக்க வேண்டும். நேரம் இல்லாதபோது முதலில் அடிபடுவது இந்த ஒரு நிமிடம்தான். அப்புறம் சார்ட்டைப் பார்த்தால் எல்லாக் கட்டிலிலும் 20 என்றே இருக்கும். 24 பேரும் ஒரே கணக்கில் மூச்சு விட மாட்டார்கள். ஆனால் மனிதனுக்கு நிலைமை மோசமாகும்போது பலநேரம் முதலில் ஏறுவது அந்த மூச்சுத்தான். அந்த நேரத்தில் பி.பி. நன்றாகவே இருக்கும்.

நான் எண்ணித்தான் எழுதுவேன். அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது. பல இரவுகள் இப்படியே போயின. வருவார், ஏதாவது இரண்டு மூன்று கட்டிலில் எண்ணுவார், போவார். நானும் "குட் ஈவினிங் மேடம்" என்பதற்கு மேல் பேசவில்லை.

ஒருநாள் கேட்டார். "சிஸ்டர், எல்லா வார்டுலயும் 2 மணி ரவுண்ட்ஸ்னா 2.00ன்னு எழுதியிருக்காங்க. நீங்க மட்டும் 2.04, 2.09ன்னு ஆரம்பிச்சு 3.35 வரைக்கும் எழுதியிருக்கீங்க. ஏன்?"

குற்றம் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். "ஒரு ஆளுக்கு நாலு நிமிஷமாவது ஆகுது மேடம். 24 பேருக்கு ஒன்றரை மணி நேரம் தாண்டிரும். கடைசி ஆளை நான் மூன்றரைக்குத்தான் பார்க்கேன். 2 மணின்னு எப்படி எழுதட்டும்?" என்றேன். குரல் கொஞ்சம் தடித்துத்தான் வந்தது.

அவர் சார்ட்டைப் பார்த்தபடியே தலையாட்டினார். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாளிலிருந்து எண்ணுவது ஒரே கட்டில் ஆயிற்று. நிறுத்தவில்லை, குறைத்தார். அது எனக்கு அன்றைக்கு மரியாதையாகப் படவில்லை.

அவர் என்னை நம்பத் தொடங்கியது அந்த இரவாக இருக்கலாம். நான் அவரை நம்ப இன்னும் நாள் ஆயிற்று. அதற்குக் காரணமானது ஒரு சின்ன ஆம்ப்யூல்.

எங்கள் டிரெயினிப் பெண் இரவு 10 மணி ஊசிக்கு ஆன்டிபயாட்டிக் கலக்கிக்கொண்டிருந்தாள். மருந்து வயலில் பொடியாக இருக்கும். 10 மில்லி டிஸ்டில்டு வாட்டர் விட்டுக் குலுக்கி, ஊசியில் ஏற்றி, நரம்பில் மெதுவாகச் செலுத்த வேண்டும். நான் பக்கத்து டிரேயில் வேறு மருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் உடைக்கப்போன ஆம்ப்யூலில் இருந்த எழுத்து என் கண்ணில் பட்டது. அது டிஸ்டில்டு வாட்டர் இல்லை. கே.சி.எல். பொட்டாசியம் குளோரைடு. அதுவும் 10 மில்லிதான், அதே உயரம், அதே நிறமில்லாத தண்ணீர். இரண்டும் ஒரே டிரேயில் பக்கத்துப் பக்கத்துக் குழியில் இருந்தன.

பொட்டாசியத்தை அரை லிட்டர், ஒரு லிட்டர் டிரிப்பில் கலந்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும். அந்த ஆம்ப்யூலை அப்படியே நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். மருந்து போனபிறகு திரும்ப எடுக்க வழி கிடையாது.

கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குக் கை நடுங்கிப் போயிற்று. இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. சொன்னால் மெமோ. டிரெயினிக்குச் சம்பளம் பிடிப்பார்கள், வேலையை விட்டே அனுப்பினாலும் அனுப்புவார்கள். அந்தக் குடும்பத்துக்கு அவள் சம்பளம்தான் அரிசி. சொல்லாவிட்டால், அந்த டிரே அப்படியே இருக்கும். நாளை இரவு வேறொரு பிள்ளை அதே குழியில் கைவிடும், பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

போன் செய்தேன். மேடம் வந்தார். அவர் முதலில் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, டிரேயைப் பார்த்தார். இரண்டு ஆம்ப்யூலையும் கையில் எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்தார். "இது ரெண்டையும் பக்கத்துல வச்சது யாரு?" என்றார். "எப்பவுமே அப்படித்தான் இருக்கும் மேடம்" என்றேன். அந்த நிமிடமே வார்டில் இருந்த கே.சி.எல். ஆம்ப்யூல் எல்லாவற்றையும் எண்ணி எடுத்து, பூட்டுப்போட்ட அலமாரியில் வைத்தார். சிவப்பு மையில் பெயர் எழுதி ஒட்டினார். இனி எடுப்பவர், உடன் நின்று பார்ப்பவர் என்று இரண்டு கையெழுத்து போட்டால்தான் வெளியே வரும் என்று ஒரு நோட்டுப் போட்டார். மறுநாள் எல்லா வார்டிலும் அதையே செய்தார்.

அறிக்கையும் எழுதினார். அதை என்னிடம் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். முதல் வரி, இரண்டு மருந்தும் எப்படி வைக்கப்பட்டிருந்தன என்பது. டிரெயினியின் பெயரை மறைக்கவும் இல்லை, அவள் மேல் பழியைப் போடவும் இல்லை. அவளை உட்காரவைத்து, எடுக்கும்போது ஒருமுறை, ஊசியில் ஏற்றுமுன் ஒருமுறை, காலி ஆம்ப்யூலைப் போடுமுன் ஒருமுறை என்று பெயரை வாய்விட்டுப் படிக்கவைத்தார். அன்று இரவு முழுக்க அவள் அப்படித்தான் மருந்து எடுத்தாள். மெமோ வரவில்லை.

விடியற்காலை டீ வந்தபோது அவரிடம் கேட்டே விட்டேன், ஏன் எங்கள் மூச்சுக் கணக்கைத் திருப்பி எண்ணுகிறீர்கள் என்று. முன்பு இருந்த இடத்தில் ஒரு காலை இவர் வார்டை ஓவர் எடுத்திருக்கிறார். ஒரு கட்டிலில் இரவு முழுவதும் மூச்சு 20 என்றே எழுதியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் நோயாளி 40க்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தார். காப்பாற்ற முடியவில்லை. "அதுக்கப்புறம் சார்ட்டைப் பாத்தா எனக்கு மனுஷனைப் பாக்கணும்னு தோணிரும் சிஸ்டர். உங்க மேல சந்தேகம்னு நினைச்சுக்காதீங்க" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். புதிதாக மேலே போகிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஏன் சோதிக்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுச் சோதித்தால் கீழே இருப்பவர்களுக்கு அத்தனை இரவு வேகாது.

அது 2012ஆம் வருடம். கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பரவியிருந்தது. எங்கள் வார்டில் கட்டில் காலியாவதும் நிரம்புவதும் ஒரே நாளில் நடந்தது. அப்போதுதான் அந்தப் பையன் வந்தான். கல்லூரியில் படிக்கிறவன், 52 கிலோ, காய்ச்சல் வந்து ஐந்தாவது நாள். சாயங்காலம் காய்ச்சல் விட்டிருந்தது. அவன் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "காய்ச்சல் விட்டுருச்சு சிஸ்டர், அசந்து தூங்குதான். பிளேட்லெட் மட்டும் கூடிருச்சுன்னா வீட்டுக்குப் போயிரலாம்லா?" என்றார். டெங்குவில் ஜனங்கள் எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே கேட்பார்கள். ஆபத்து பெரும்பாலும் வேறு பக்கமிருந்து வரும். காய்ச்சல் விடுகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் சேரும். குழாய்க்குள் ரத்தம் கெட்டியாகும். தூக்கம் என்று நினைப்பது சோர்வாக இருக்கும்.

10 மணிக்கு அவனுக்கு பி.பி. 110/70, நாடி 92. 1.40க்கு அம்மா வந்து கூப்பிட்டார், இரண்டு தரம் வாந்தி எடுத்துவிட்டான், வயிறு வலிக்கிறது என்கிறான் என்று. போய்க் கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். நான்கு நொடி ஆயிற்று. 8 மணிக்குப் பிறகு சிறுநீர் போகவில்லை. நாடி 118. பி.பி. 100/84.

மேல் எண்ணை மட்டும் பார்த்தால் 100 இருக்கிறதே என்று தோன்றும். இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 10 மணிக்கு 40 இருந்தது, இப்போது 16. உள்ளே நீர் குறையும்போது உடம்பு ரத்தக்குழாய்களை இறுக்கிச் சமாளிக்கும். அதனால் கீழ் எண் ஏறும், மேல் எண் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். இடைவெளி 20க்கு வந்துவிட்டாலே ஷாக் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மேல் எண் சரியும்வரை காத்திருந்தால் கைமீறிப் போய்விடும்.

டியூட்டி டாக்டர் காஷுவாலிட்டியில் ஒரு விபத்து கேஸில் இருந்தார். போனில் சொன்னேன். "பி.பி. 100 இருக்குல்ல சிஸ்டர், வாந்திக்கு ஊசி போடுங்க. காலைல பிளேட்லெட் ரிப்பீட் பண்ணுவோம்" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது, கையில் ரத்தத்தோடு நிற்கிற மனிதர். அடுத்த போன் மேடத்துக்கு.

வந்தார். நான் பி.பி. கருவியின் பட்டையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். "நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க மேடம்." அத்தனை நாள் எனக்கு அவமானமாக இருந்த அதே காரியம். அன்றைக்கு நானே கேட்டேன். நான் தவறாகக் கேட்டிருந்தாலும் தெரிந்துவிடும், சரியாகக் கேட்டிருந்தால் இரண்டு பேர் ஆகிவிடுவோம். பார்த்தார். 98/84.

"டாக்டர்கிட்ட எப்படிச் சொன்னீங்க?"

"வாந்தி, வயித்துவலி, பி.பி. 100/84ன்னு சொன்னேன் மேடம்."

"அவர் காதுல 100 மட்டும்தான் விழுந்திருக்கும். 10 மணிக்கு என்ன, இப்ப என்ன, ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க. கடைசியில என்ன வேணும்னு கேளுங்க."

"நான் எப்படி மேடம் டயக்னோசிஸ் சொல்றது?"

"ஷாக் ஆரம்பிக்குதோன்னு சந்தேகப்படுறேன்னு சொல்லுங்க. சந்தேகத்தைச் சொல்றது நம்ம வேலைதான்."

போனை அவரே வாங்கிப் பேசியிருந்தால் டாக்டர் உடனே வந்திருப்பார். அப்படிச் செய்யவில்லை, என்னையே பேசவைத்துப் பக்கத்தில் நின்றார். நான் சொன்னேன். "சார், டெங்கு அஞ்சாவது நாள், சாயங்காலம் காய்ச்சல் விட்டது. 10 மணிக்கு 110/70, நாடி 92. இப்ப 98/84, நாடி 118, கை சில்லுன்னு இருக்கு, ஆறு மணி நேரமா யூரின் போகலை. நானும் சூப்பர்வைசரும் தனித்தனியாப் பாத்துட்டோம். ஷாக் ஆரம்பிக்குதோன்னு சந்தேகமா இருக்கு. நீங்க இப்ப வந்து பாக்கணும் சார்." மறுமுனையில் ஒரு நொடி பேச்சில்லை. "வர்றேன், பி.சி.வி.க்கு ரத்தம் எடுங்க" என்றார். வந்துவிட்டார். பி.சி.வி. சாயங்காலம் 41, இப்போது 50. ரத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கெட்டியாகியிருந்தது.

ஒரு மணி நேரத்தில் 500 மில்லி நார்மல் சலைன் போகவேண்டும் என்று எழுதினார், அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 10 மில்லி. சாதாரண ஐ.வி. செட்டில் அது நிமிடத்துக்கு 167 சொட்டு வரும். அந்த வேகத்தைக் கண்ணால் எண்ண முடியாது. மேடம் பாட்டிலின் நீளத்துக்கு வெள்ளை பிளாஸ்டரை ஒட்டி, 125 மில்லிக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் நேரம் எழுதினார். 2.15, 2.30, 2.45, 3.00. தண்ணீர் மட்டம் அந்தந்த நேரத்தில் அந்தந்தக் கோட்டில் இருக்க வேண்டும். இந்த வித்தையை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள், பம்ப் இல்லாத வார்டில் இதுதான் பம்ப்.

பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இவனை விட்டு நகராதீங்க. மிச்ச 23 பேரை நான் பாக்கறேன்" என்று சொல்லி டி.பி.ஆர். டிரேயைத் தூக்கிக்கொண்டு 1ஆம் கட்டிலுக்குப் போனார். சூப்பர்வைசர் ஒருவர் முழு வார்டுக்கும் வெப்பமானி வைத்து நான் பார்த்ததில்லை.

கால் மணிக்கு ஒருமுறை பி.பி. பார்த்தேன். 3 மணிக்கு 106/76, நாடி 104. இடைவெளி 30க்கு வந்துவிட்டது, கையில் கதகதப்பு ஏறியது. அதற்காக டிரிப்பை அப்படியே ஓடவிடக்கூடாது. கசிவு ஒன்றிரண்டு நாளில் நிற்கும். நின்றபிறகு வெளியே போன நீரெல்லாம் குழாய்க்குள் திரும்பும். அந்த நேரத்தில் நாம் கொட்டியதும் சேர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அதனால் டாக்டர் அடுத்த மணிக்கு 350, அதற்கடுத்த மணிக்கு 250 என்று குறைத்தார். குறைக்க வேண்டிய நேரத்தைப் பாட்டிலில் பெரிதாக எழுதி வைத்தோம். 4 மணிக்கு எடுத்த பி.சி.வி. 44. 4.20க்குப் பையன் 150 மில்லி சிறுநீர் கழித்தான். அவன் அம்மா அந்த அளவுக் குவளையை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தச் சீசனில் எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. இடைவெளி குறைந்து மணிக்கணக்கானபின் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளும் உண்டு, எத்தனை பாட்டில் ஏற்றியும் திரும்பாதவர்களும் உண்டு.

ஏழரைக்கு ஓவர் கொடுக்கச் சார்ட்டுகளை அடுக்கினேன். 23 கட்டிலிலும் மேடத்தின் எழுத்து. 2.21, 2.25, 2.30 என்று பார்த்த நேரம் பார்த்தபடி இருந்தது. மூச்சு 18, 22, 19, 24 என்று ஆளுக்கொன்றாக இருந்தது.

"சிஸ்டர், நான் எழுதினதுல ரெண்டை எண்ணிப் பாத்துட்டு அப்புறம் ஓவர் குடுங்க" என்றார்.

"வேண்டாம் மேடம், நீங்க பாத்தது சரியாத்தான் இருக்கும்."

"எத்தனையோ ராத்திரி உங்களது சரியாத்தானே இருந்துச்சு. நான் பாக்கலையா?"

போனேன். 6ஆம் கட்டிலில் அவர் கணக்குதான் எனக்கும் வந்தது. 17இல் அவர் எழுதியிருந்தது 20. எனக்கு 26 வந்தது. மறுபடியும் ஒரு நிமிடம் நின்று எண்ணினேன். 26தான். அவர் எழுதியதற்குக் கீழே 7.40 என்று நேரம் போட்டு, 26 என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முகம் மாறவில்லை. கடிகாரத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்க, டே ஸ்டாஃபையும் கூப்பிடுங்க" என்று 17ஆம் கட்டிலை நோக்கி நடந்தார்.